கசகசா சாப்பிட்டால் டெஸ்டில் மாட்டுவோமா?

"கசகசாவில் அபின் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? அடுத்த வாரம் கப்பல் வேலைக்கு மெடிக்கல் வருகிறது, சிறுநீரில் போதைப்பொருள் டெஸ்டும் எடுப்பார்களாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கசகசா அரைத்துவிட்ட குருமா சாப்பிட்டேன். இதனால் டெஸ்டில் மாட்டிக்கொள்வேனா?"

மாட்டமாட்டீர்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட குருமா அடுத்த வாரம் சிறுநீரில் இருக்காது. ஆனால் மெடிக்கலுக்கு முந்தைய நாள் யார் வீட்டிலாவது கசகசா பாயசம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குருமாவுக்கு ஒரு பதில், பாயசத்துக்கு வேறு பதில் ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பல வருடம் ஆய்வகத்தில் சிறுநீர் மாதிரிகளோடு உட்கார்ந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

முதலில் செடி. கசகசாவும் அபினும் ஒரே செடியிலிருந்துதான் வருகின்றன. அந்தச் செடியின் காயை நுனிக்கத்தியால் லேசாகக் கீறிவிட்டால் வெள்ளைப் பால் கசியும். சாயங்காலம் வரை கீறி வைத்து, மறுநாள் காலையில் பழுப்பாகக் கெட்டிப்பட்டிருக்கும் அந்தப் பிசினை வழித்தெடுப்பார்கள். அதுதான் அபின். மார்பின், கோடீன், தீபெயின் என்ற ரசாயனங்கள் எல்லாம் அந்தப் பாலில் இருப்பவை, டெஸ்ட் முக்கியமாகத் தேடுவது மார்பினை. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச், ராஜஸ்தானின் சித்தோர்கர் போன்ற மாவட்டங்களில் மத்திய போதைப்பொருள் பணியகத்தின் உரிமம் வாங்கி விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள். பால் எடுத்து முடிந்ததும் காய் செடியிலேயே காய்ந்துவிடும். அப்புறம் அதை உடைத்து விதையைக் கொட்டி எடுப்பார்கள். அந்த விதைதான் நம் மளிகைக்கடைக்கு வரும் கசகசா.

பால் ஓடும் குழாய்கள் இருப்பது காயின் தோலில். உள்ளே இருக்கும் விதையில் அந்தக் குழாய்கள் கிடையாது. அதனால் விதை தானாக மார்பினைச் சுமப்பதில்லை என்றே சொல்லலாம், உள்ளே இருந்தாலும் மிகச் சொற்பம். காயை உடைக்கும்போதும் தூற்றும்போதும் உலர்ந்த பால் துகளும் தோல் தூசியும் விதையின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. டெஸ்டில் வம்பு பண்ணுவது இந்த மேல்தூசிதான். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டமும் காய்ந்த செடியின் பாகங்களைத் தடை செய்யும் இடத்தில் "விதை நீங்கலாக" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதனால்தான் நம் ஊரில் கசகசாவை மிளகு சீரகம் மாதிரிக் கடையில் கேட்டு வாங்க முடிகிறது.

எவ்வளவு ஒட்டியிருக்கும் என்பதற்கு ஒரே எண் கிடையாது, பலரும் தடுமாறுவது இங்கேதான். நன்றாகச் சுத்தம் செய்த விதையில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் மார்பின்கூட இருக்காது. சரியாகத் தூற்றாத, தூசி படிந்த விதையில் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வரை போகும். செடியின் ரகம், விளைந்த நிலம், அந்த வருடத்து மழை, அறுவடை செய்த விதம் எல்லாமே இதை மாற்றும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் முழு விதைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. மார்பினோடு கோடீனில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். இந்த மூட்டையில் எவ்வளவு, அந்த மூட்டையில் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கையால் அள்ளிப் பார்த்துத் தூசி ஒட்டினால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

இனி உங்கள் குருமாவை எடுத்துக்கொள்வோம். நாலு பேர் சாப்பிடும் குருமாவுக்கு இரண்டு டீஸ்பூன் கசகசா என்று வையுங்கள். ஒரு டீஸ்பூன் சுமார் மூன்று கிராம், ஆக மொத்தம் ஆறு கிராம். உங்கள் பங்குக்கு ஒன்றரை கிராம். கடையில் கிடைத்தது ஓரளவு மோசமான விதை, கிலோவுக்கு 100 மில்லிகிராம் மார்பின் என்றே வைத்துக்கொள்வோம். உங்களுக்குள் போனது 150 மைக்ரோகிராம். உடல் அதைக் கல்லீரலில் மாற்றி, பெரும்பகுதியை ஒரே நாளில் சிறுநீரில் தள்ளிவிடும். ஒரு நாள் சிறுநீர் ஒன்றரை லிட்டர் என்றால், போட்டது மொத்தமும் வெளியே வந்தாலும் சராசரி ஒரு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம். சாப்பிட்ட முதல் சில மணி நேரத்தில், அதுவும் தண்ணீர் குறைவாகக் குடித்து அடர்ந்த சிறுநீராக இருந்தால், இதற்கு மேலும் போகும். ஆனாலும் 'பாசிட்டிவ்' என்று எழுத வழக்கமாக வைத்திருக்கும் வரம்புகளில் கடுமையானது மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம், அதைத் தாண்டுவது அரிது.

பாயசத்துக்கு வாருங்கள். நாலு பேருக்குக் கசகசா பாயசம் வைக்க நாலு மேசைக்கரண்டி போடுகிறவர்கள் உண்டு. அது முப்பத்தைந்து கிராமுக்குப் பக்கம் வரும், ஆளுக்கு ஒன்பது கிராம். அதே விதை என்றால் உள்ளே போவது 900 மைக்ரோகிராம், சராசரி 600 நானோகிராம். இப்போது 300 வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், வேறு சில இடங்களில் வைத்திருக்கும் 2000 வரம்பைத் தாண்டவில்லை. வங்காளிகள் உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்கும் போஸ்தோவில் இதைவிட அதிகமாகவே அரைத்துப் போடுவார்கள். அதே உணவு, அதே ஆள், ஆனால் சோதனை செய்யும் இடத்தில் வரம்பு எது என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் 'பாசிட்டிவ்', இன்னோரிடத்தில் 'நெகட்டிவ்'.

இந்த வரம்பின் கதையைத் தெரிந்துகொண்டால் மீதி புரிந்துவிடும். அமெரிக்காவில் அரசு வேலைக்கான போதைப்பொருள் சோதனையில் ஆரம்பத்தில் 300 நானோகிராம்தான் வரம்பு. கசகசா தூவிய பேகல் என்ற வளைய ரொட்டி சாப்பிட்டவர்களும் டாக்டர் கொடுத்த மருந்து சாப்பிட்டவர்களும் ஏகத்துக்கு மாட்டவே, 1998-இல் அதை 2000 ஆக உயர்த்தினார்கள். 2023-இல் வெளியிட்ட திருத்தத்தில் முதல் சோதனைக்குப் பின் இயந்திரத்தில் அளந்து பார்க்கும் உறுதிச் சோதனையில் மார்பினுக்கான வரம்பை 4000 ஆக்கிவிட்டார்கள். ஆனால் இதெல்லாம் அரசு வேலைக்கான விதி. தனியார் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் பழைய 300-லேயே இருக்கலாம், அதைத் தடுக்க ஆளில்லை.

அதனால் என்ன நடக்கும் என்பதற்குப் பென்சில்வேனியாவில் நடந்தது ஒன்று போதும். 2010-இல் லாரன்ஸ் கவுண்டியில் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண் முந்தைய நாள் கசகசா தூவிய பேகல் சாப்பிட்டிருந்தார். மருத்துவமனையின் வரம்பு 300. சிறுநீரில் ஓப்பியேட், அதாவது அபின் வகைப் பொருள், பாசிட்டிவ் என்று வந்ததும் மூன்று நாள் குழந்தையைக் குழந்தைகள் நல அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்து நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்து, அந்தத் தாய்க்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. இயந்திரம் தப்பு பண்ணவில்லை, மார்பின் உண்மையில் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

உங்கள் மெடிக்கலில் முதலில் வருவது பெரும்பாலும் அட்டை சோதனைதான். கோப்பையில் சிறுநீர், அதில் அட்டையை நனைத்து ஐந்து நிமிடம். இரண்டு கோடு வந்தால் நெகட்டிவ். கோடு ஒன்றுதான் வந்தால் பாசிட்டிவ். கர்ப்பப் பரிசோதனை அட்டை பார்த்தே பழகியவர்கள் இதைத் தலைகீழாகப் படித்து வயிற்றைக் கலக்கிக்கொள்வார்கள், நானே பார்த்திருக்கிறேன். அட்டையில் பூசியிருக்கும் எதிர்ப்பொருள் சிறுநீரில் உள்ள மார்பினைப் பிடித்துக்கொண்டால் கோடு வரைய மிச்சம் இருக்காது, அதனால்தான் இரண்டாவது கோடு இல்லை என்றால் பாசிட்டிவ். அட்டையின் உறையில் அதன் வரம்பு எண் இருக்கும். 'எம்ஓபி 300' என்று ஒன்று, 'ஓபிஐ 2000' என்று இன்னொன்று. கேட்டால் காட்டுவார்கள், கேளுங்கள்.

அட்டைக்கு மார்பினையும் கோடீனையும் அவற்றின் உறவுக்காரர்களையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் அட்டை பாசிட்டிவ் என்பதை முடிவாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அடுத்ததாக உறுதிச் சோதனையில், ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ் இயந்திரத்தில் எந்தப் பொருள் எவ்வளவு என்று தனித்தனியாக அளக்க வேண்டும். ஹெராயின் எடுத்தவரைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு சாட்சி தேடுவார்கள். 6-மோனோஅசிட்டைல் மார்பின் என்று நீளமான பெயர். ஹெராயின் உடைந்தால் மட்டும் வரும், கசகசாவால் ஒருபோதும் வராது. அது இருந்தால் பேச்சே இல்லை. ஆனால் அது சிறுநீரில் ஒரு நாளுக்கு மேல் தங்காது. அது காணவில்லை என்பதால் ஹெராயின் எடுக்கவில்லை என்று ஆகிவிடாது.

கசகசா பக்கம் சாட்சி சொல்லத் தீபெயின் இருக்கிறது. செடியிலிருந்து நேராக வருவது, ஹெராயினிலோ மார்பின் மாத்திரையிலோ பொதுவாக இருக்காது. சிறுநீரில் தீபெயின் கிடைத்தால் இந்த ஆள் செடியிலிருந்து வந்த ஏதோ ஒன்றைச் சாப்பிட்டிருக்கிறார் என்று தெரியும். இங்கே ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அபினையே தின்றவருக்கும் தீபெயின் வரும். கசகசாவா அபினா என்று பிரிக்க இயந்திரத்துக்கு வழியில்லை. அங்கே அளவு மட்டுமே கைகொடுக்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதியில் 15,000 நானோகிராமும் அதற்கு மேலும் வந்தால் சாப்பாட்டைக் காரணமாகச் சொல்வதை ஏற்கமாட்டார்கள். அதற்குக் கீழே, ஹெராயின் சாட்சியும் இல்லாமல் இருந்தால், தவறான பயன்பாட்டுக்கு மருத்துவ அறிகுறி உண்டா என்று மறுஆய்வு மருத்துவர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். என் பார்வையில் நியாயமான ஏற்பாடு இது.

கோடீன் பக்கமும் இப்போது கவனம் திரும்பியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படையினரைக் கசகசா உள்ள பண்டங்களைத் தவிர்க்கச் சொன்னது. சில ரக விதைகளில் முன்பு நினைத்ததைவிடக் கோடீன் அதிகமாக ஒட்டியிருக்கலாம், அது கோடீன் மாத்திரை சாப்பிட்டது போலவே காட்டும் என்பதுதான் காரணம்.

கோடீன் என்றதும் ஒரு விஷயம். நம் ஊரில் ஓப்பியேட் கோடு மறைந்துபோன மாதிரிகளில் நான் முதலில் கேட்பது கசகசாவை அல்ல, இருமல் மருந்தை. கோடீன் கலந்த சிரப் குடித்தால் அதில் ஒரு பங்கை உடலே மார்பினாக மாற்றிவிடும். கல்யாண வீட்டுப் பாயசத்தின் மேல் பழிபோட்டபடி வந்த பையன் ஒருவனிடம் கடைசியாக எப்போது இருமினாய் என்று கேட்டேன், சட்டைப்பையிலிருந்து பாட்டிலையே எடுத்துக் காட்டினான். மெடிக்கலுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு இருமல் வந்தால் கடைக்காரர் கையில் கொடுப்பதை வாங்கிக் குடிக்காமல், டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில் இதைக் குறைக்க முடியுமா என்று கேட்டால், முடியும், நன்றாகவே முடியும். மேல்தூசியில் உள்ளது தண்ணீரில் கரைந்து போகும். கழுவுவது, ஊறவைப்பது, அரைப்பது, சுடுவது எல்லாம் சேர்ந்தால் தொண்ணூறு சதவீதம் வரைகூடக் குறையலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. ஆனால் நம் வீட்டில் நடப்பதைக் கவனியுங்கள். அம்மா கசகசாவை வெந்நீரில் ஊறப்போடுவார், அரைமணி கழித்து அந்தத் தண்ணீரோடு சேர்த்தே முந்திரி, தேங்காய் போட்டு மிக்ஸியில் ஓட்டுவார். தூசியிலிருந்து கரைந்தது எல்லாம் குருமாவுக்குள்ளேயே போய்விடுகிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு முறை அலசி, புதுத்தண்ணீர் விட்டு அரைத்தால் வித்தியாசம் பெரிது. மெல்லிய துணியில் போட்டு அலசினால் விதை தப்பாது. லேசாக வெறும் வாணலியில் வறுப்பது மணத்துக்கு நல்லது. மார்பின் அவ்வளவு சீக்கிரம் சூட்டுக்கு அழியாது, வறுப்பதை நம்பாதீர்கள்.

சோதனை இல்லாதவர்களுக்கும் இந்த அலசல் தேவைப்படும் ஓர் இடம் உண்டு. குழந்தை தூங்கவில்லை என்று கசகசாவை அரைத்துப் பால் பிழிந்து கொடுக்கிற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஜெர்மனியில் இப்படிக் கொடுத்து, ஆறு வாரக் குழந்தை மூச்சுத் திணறிய சம்பவம் மருத்துவப் பதிவில் இருக்கிறது. ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் மார்பின்தான் பாதுகாப்பு அளவு என்று ஐரோப்பாவில் வைத்திருக்கிறார்கள். பத்து கிலோ குழந்தைக்கு அது 100 மைக்ரோகிராம். மேலே நாம் எடுத்துக்கொண்ட அதே விதையில் ஒரு டீஸ்பூனிலேயே 300 வந்துவிடுகிறது. குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்களிலும் கழுவாத விதையைக் கிலோக்கணக்கில் அலசி அந்தத் தண்ணீரைக் குடித்து இறந்தவர்கள் அமெரிக்காவில் உண்டு. உங்கள் குருமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். மெடிக்கலுக்கு முன் மூன்று நாள் கசகசாவைத் தொடாதீர்கள். சாப்பிட்ட சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போவது இரண்டு நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும், மூன்றாவது நாள் ஒரு தெம்புக்கு. ஹோட்டல் குருமா, கடை மட்டன் மசாலா, பேக்கரியில் விதை தூவிய பன் எல்லாவற்றிலும் இருக்கலாம், அதனால் அந்த மூன்று நாள் வீட்டுச் சாம்பார் ரசம் போதும். பயந்துபோய் அன்று காலையில் நாலு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் போகாதீர்கள். சிறுநீரில் வழக்கமாக இருக்கும் கிரியாட்டினின் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மாதிரி நீர்த்துவிட்டது என்று எழுதி, மறுபடி வரச் சொல்வார்கள். ஏற்கெனவே கசகசா சாப்பிட்டிருந்தால் மாதிரி கொடுக்கும் முன்பே, சாப்பிட்ட மருந்துகளை எழுதும் படிவத்தில் அதையும் எழுதிவிடுங்கள். கோடு மறைந்தபின் சொல்வதைவிட முன்னால் எழுதியதற்கு மதிப்பு அதிகம்.

அப்படியும் பாசிட்டிவ் என்றால் அங்கேயே சண்டை போடாமல் மூன்று கேள்வி கேளுங்கள். வரம்பு எத்தனை? உறுதிச் சோதனை செய்தீர்களா? மாதிரியின் மறுபாதி சீல் வைத்து இருக்கிறதா? உறுதிச் சோதனையில் மார்பின், கோடீன் அளவை எண்ணாகவும், ஹெராயின் சாட்சி இல்லை என்பதை எழுத்தாகவும் கேட்டு வாங்குங்கள். சில நூறு நானோகிராம் மார்பின், கொஞ்சம் கோடீன், ஹெராயின் சாட்சி இல்லை, தீபெயின் உண்டு என்று அறிக்கை வந்தால் விவரம் தெரிந்த எந்த மருத்துவரும் உங்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்பார்.

கப்பல்காரர் என்பதால் இன்னொன்று. வளைகுடா வழியாகத்தான் கப்பல் ஏறப்போகிறீர்கள் என்றால், அம்மா கட்டித்தரும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்கே தடை, பெட்டியில் இருந்தால் விமான நிலையத்திலேயே சிக்கல். சிங்கப்பூரிலும் போதைப்பொருள் துறையின் கட்டுப்பாடு உண்டு. உடன் வேலை பார்க்கும் இலங்கைத் தம்பி யாராவது "எங்கள் ஊரில் பலூடாவிலேயே கசகசா போடுவோம்" என்றால் குழம்ப வேண்டாம். அவர் சொல்வது தண்ணீரில் ஊறினால் வழவழவென்று உப்பும் திருநீற்றுப்பச்சை விதையை, நாம் சப்ஜா என்கிறோமே அதை. அதற்கும் அபினுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் பொட்டலத்தின் மேல் கசகசா என்று எழுதி எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.